செட்டில்மெண்ட் பணம் வரட்டும் என்று கார்டு காத்திருக்காது

கேள்வி: ஆறு வருடம் மூன்று மாதம் வேலை பார்த்த நிறுவனத்தில் ராஜினாமா கொடுத்துவிட்டேன். கடைசி நாளுக்கு இன்னும் 18 நாள் இருக்கிறது. சம்பளம் 78,000, அதில் பேசிக் 39,000. 42 நாள் விடுப்பு மீதி இருக்கிறது. டூர் போன செலவில் 64,000 ரூபாய் இன்னும் வரவில்லை. அதெல்லாம் என் கிரெடிட் கார்டில் போட்டது, இப்போது மினிமம் மட்டும் கட்டிவருகிறேன். நோட்டீஸ் 60 நாள், புதிய இடத்தில் அவசரப்படுத்துவதால் 45 நாளில் கிளம்புகிறேன். எல்லாம் சேர்த்து நான்கு லட்சம் வரும் என்று நம்பி மச்சானுக்கு மூன்று லட்சம் தருவதாகச் சொல்லிவிட்டேன். 'எனக்குச் சேர வேண்டிய மொத்தத் தொகையையும் விரைவில் தரவும்' என்று எச்.ஆருக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இது போதுமா? வங்கியில் 90,000 டெபாசிட் இருக்கிறது, அதைத் தொட மனமில்லை. சம்பள அட்வான்ஸ் தரும் ஆப் ஒன்றில் வாங்கி கார்டை அடைக்கலாமா?

பதில்: போதாது. கடிதத்தைப் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம், அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தக் கார்டு.

அலுவலகச் செலவை உங்கள் கார்டில் போட்டுவிட்டு, கிளெய்ம் வரும்வரை மினிமம் கட்டுவது என்ற பழக்கம்தான் உங்களைக் கடிக்கிறது. கார்டுகளில் வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்ற அளவில் இருக்கிறது. 64,000-க்கு அது 2,240 ரூபாய், அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் மாதம் 2,640 ரூபாய்க்குப் பக்கம். நிறுவனம் உங்களுக்குத் தரப்போவது பில் தொகை மட்டும்தான், இந்த வட்டியை யாரும் தரமாட்டார்கள். போதாததற்கு, பழைய பாக்கி இருக்கும்வரை அந்தக் கார்டில் புதிதாக வாங்கும் எதற்கும் வட்டியில்லாத நாட்களும் கிடையாது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா செய்தவரின் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தரச் சொல்கிறது. பணிக்கொடைக்கு 30 நாள் கெடு இருக்கிறது. டூர் செலவு சம்பளமும் இல்லை, பணிக்கொடையும் இல்லை. அதனால் உங்களுக்கு மாதாமாதம் வட்டி ஏற்றுகிற அந்த 64,000-க்குத்தான் சட்டத்தில் தேதியே கிடையாது. அக்கவுண்ட்ஸ் துறை 'பில் சரிபார்க்கிறோம்' என்று இரண்டு மாதம் இழுத்தால் ஐயாயிரத்துக்கு மேல் உங்கள் கையிலிருந்து போகும்.

ஆகவே டெபாசிட்டை உடையுங்கள். முன்கூட்டி எடுப்பதற்குச் சுமார் ஒரு சதவீத வட்டி குறையும், போகட்டும். வருடத்துக்கு ஆறு, ஏழு சதவீதம் தரும் பணத்தைப் பொத்தி வைத்துக்கொண்டு மாதம் நான்கு சதவீதத்துக்கு மேல் கட்டுவது கணக்கே இல்லை. கிளெய்ம் வந்ததும் மறுபடியும் டெபாசிட் போட்டுக்கொள்ளலாம். அந்த அட்வான்ஸ் ஆப் பக்கம் போகாதீர்கள். 'வட்டி இல்லை' என்று சொல்லிவிட்டு பிராசஸிங் கட்டணம் என்ற பெயரில் வாங்குவார்கள், வேலை மாறுகிற மாதத்தில் சம்பளத் தேதி தள்ளிப்போனால் அபராதம் வேறு.

சரி, கடிதம். 'மொத்தத் தொகை' என்று எழுதினால் அவர்களும் மொத்தமாக ஒரு எண்ணைத்தான் அனுப்புவார்கள். அதில் எது பிடித்தம், எது விடுபட்டது என்று தேட முடியாது. ஒவ்வொன்றையும் தனியாகக் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

'என் கடைசிப் பணி நாள் இன்ன தேதி. அதற்கான ஃபைனல் செட்டில்மெண்ட் கணக்கை, பணம் அனுப்பும் முன் வரிவாரியாக எனக்கு அனுப்பவும். மீதமுள்ள ஈட்டிய விடுப்பு 42 நாள், அதன் பதிவின் நகலை இணைத்துள்ளேன். ஒரு நாளுக்கான தொகை எந்த அடிப்படையில் கணக்கிடப்பட்டது என்பதையும் குறிப்பிடவும். நிலுவையிலுள்ள பயணச் செலவு ரூ.64,000, பில்களும் மேலாளரின் ஒப்புதலும் இணைப்பில். இதைச் சம்பளத்தோடு சேர்க்காமல் செலவு ஈடாகத் தனியே காட்டவும். நோட்டீஸில் குறையும் 15 நாளை என் விடுப்பில் சரிக்கட்ட அனுமதி கோருகிறேன்.'

'தனியே காட்டவும்' என்பதற்குக் காரணம் வரி. பில்லுக்கு ஈடாக வரும் பணம் உங்கள் வருமானம் இல்லை. அவசரத்தில் அதைக் கடைசி மாதச் சம்பளத்தில் ஏதோ ஒரு அலவன்ஸாகக் கொட்டிவிட்டால் டிடிஎஸ் பிடித்துவிடுவார்கள். விடுப்புத் தொகையிலும் இதே கவனம் வேண்டும். பணியில் இருக்கும்போது விடுப்பைப் பணமாக்கினால் வரி உண்டு, வேலையை விட்டுப் போகும்போது வாங்கினால் தனியார் ஊழியருக்கு வாழ்நாளில் 25 லட்சம் வரை விலக்கு உண்டு. வேறு வரம்புகளும் இருக்கின்றன, உங்கள் தொகை அவை எதையும் தொடாது.

கடிதத்தின் கடைசி வாக்கியத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பேசிக்கை 30-ஆல் வகுத்தால் உங்கள் ஒரு நாள் விடுப்பின் விலை 1,300 ரூபாய். (சில நிறுவனங்கள் 26-ஆல் வகுக்கும், அப்படியானால் 1,500. உங்கள் விடுப்புக் கொள்கையைப் பாருங்கள். எத்தனை நாள்வரை பணமாக்கலாம் என்ற உச்சவரம்பும் அதில்தான் இருக்கும்.) ஆனால் நோட்டீஸ் குறைவுக்குப் பல இடங்களில் முழுச் சம்பளத்தில் பிடிப்பார்கள், அதாவது நாளுக்கு 2,600. 15 நாளுக்கு 39,000 போய்விடும். அதே 15 நாளை விடுப்பில் கழித்தால் நீங்கள் இழப்பது 19,500 தான். ஒப்புக்கொள்வது அவர்கள் விருப்பம், கேட்டால் பல மேலாளர்கள் சம்மதிக்கிறார்கள். புதிய நிறுவனம் நோட்டீஸ் பணத்தை ஏற்குமா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள், அவசரம் அவர்களுடையதுதானே.

எல்லாம் கூடி வந்தால் எவ்வளவு? பிடித்தம் போகக் கடைசிச் சம்பளம் 70,000 என்று வைத்துக்கொள்வோம். மீதி 27 நாள் விடுப்புக்கு 35,100. பணிக்கொடை, 39,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி ஆறு வருடத்துக்கு 1,35,000. டூர் செலவு 64,000. மொத்தம் மூன்று லட்சத்துச் சொச்சம். அதில் 64,000 உடைத்த டெபாசிட்டுக்குத் திரும்பப் போக வேண்டியது, 70,000 அடுத்த மாதக் குடும்பச் செலவு. உங்களுடையது என்று மிஞ்சுவது ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் குறைவு. பி.எஃப். இந்தக் கணக்கில் வராது, அதைப் புதிய வேலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மச்சானிடம் இன்றே பேசிவிடுங்கள். 'மூன்று முடியாது, பணம் கைக்கு வந்த பிறகு ஒன்று தர முடியுமா என்று பார்க்கிறேன்' என்று சொன்னால் ஒரு வாரம் முகம் சுளிப்பார். கடைசி நேரத்தில் கையை விரித்தால் அவர் எங்கேயாவது கடன் வாங்கிவிட்டு உங்கள் பேரைச் சொல்லுவார்.

இன்னும் 18 நாள் இருக்கிறது என்றீர்கள். கடைசி நாள் மாலையோடு அலுவலக மின்னஞ்சலும் கிளெய்ம் போர்ட்டலும் மூடிவிடும். விடுப்புப் பதிவு, பில் நகல், மேலாளர் ஒப்புதல் மெயில் மூன்றையும் இந்த வாரமே சொந்த மெயிலுக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியேறும் அன்று 'எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை' என்று ஒரு தாள் நீட்டுவார்கள். பணம் வராத நிலையில் அப்படியே கையெழுத்துப் போடாமல், 'செட்டில்மெண்ட் தொகையும் செலவு ஈடும் வர வேண்டியுள்ளது' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போடுங்கள்.