"பொதுவாக", "அரிதாக" என்று எழுதினால் போதுமா?

கேள்வி: யாங்கோனில் இருக்கிறேன். அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்கு (மெட்ஃபார்மின்) உள்ள ஆங்கிலத் தாளைத் தமிழில் எழுதித் தர வேண்டும். பக்கவிளைவுகளுக்கு "பொதுவாக", "அரிதாக" என்று போட்டால் போதுமா?

போதாது. ஆங்கிலத் தாளில் அந்தச் சொற்கள் எத்தனை பேருக்கு வரும் என்பதைச் சொல்பவை. தமிழில் "அரிதாக வரும்" என்றால், "எனக்கு எப்போதாவது வந்து போகும்" என்றுதான் அம்மா படிப்பார். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். எங்கள் பெரியம்மா படித்துவிட்டு, "மாசத்துக்கு ஒரு தடவையா?" என்று கேட்டார்.

அதனால் ஆட்களை வைத்து எழுதுங்கள். வயிற்றுப்போக்கு, குமட்டல்: "10 பேரில் ஒருவருக்கும் மேல் வரலாம்." ரத்தத்தில் லாக்டிக் அமிலம் தேங்குவது: "10,000 பேரில் ஒருவர் வரை வரலாம்." இந்த "வரை"யை விட்டுவிடாதீர்கள், அது உச்ச வரம்பு.

இரண்டாவது ஆபத்தானது என்பதால் எண்ணோடு நிறுத்தக் கூடாது. அரிது என்றதும் கண் தாண்டிப் போய்விடும். அப்புறம், அதன் அறிகுறிகளிலும் வாந்தியும் வயிற்றுவலியும் உண்டு. சாதாரணக் குமட்டல் என்று விட்டுவிட இடமிருக்கிறது. ஆகவே எச்சரிக்கையைத் தனியாக, கட்டளையாகவே எழுதுங்கள்: "வாந்தி, வயிற்றுவலியோடு தசைப்பிடிப்பு, கடும் சோர்வு, மூச்சுத்திணறல் இவற்றில் ஏதாவது வந்தால் மாத்திரையை நிறுத்துங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்." "மருத்துவரை அணுகுதல் நலம்" என்ற நடை இங்கே வேண்டாம், அது அவசரத்தைச் சொல்லாது.

எழுதி முடித்ததும் அம்மாவிடம் கொடுத்து, "10,000 பேர் சாப்பிட்டால் எத்தனை பேருக்கு இது வரும்?" என்று கேளுங்கள். தயங்கினால் வாக்கியத்தை மாற்றுங்கள்.