"பாப்பாவுக்கு அம்மா வந்திருக்கு": டீச்சருக்குப் போன ஒரு லீவு நோட்

கேள்வி: பையனுக்கு உடம்பு சரியில்ல. டெல்லியில இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல். டீச்சருக்குத் தமிழ்ல நாலு வரி எழுதி வெச்சிருக்கேன். அதை அப்படியே இங்கிலீஷ்ல மாத்தி அனுப்பினா போதுமா?

போதாதுங்க. அப்படியே மாற்றி அனுப்பிவிட்டு அழுதவள் நான்.

நாங்கள் மயூர் விஹார் பக்கம் இருக்கிறோம். வீட்டுக்காரர் வண்டி ஓட்டுகிறார், காலையில் ஆறு மணிக்குக் கிளம்பினால் ராத்திரிதான் வருவார். நான் பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். இங்கிலீஷ் வாசித்தால் புரியும், எழுதத்தான் கை வராது. நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் பெரியவள் அப்போது மூன்றாம் வகுப்பு. மார்ச் மாதம், பரீட்சை வாரம். சனிக்கிழமை ராத்திரி உடம்பு சுட்டது. ஞாயிறு காலையில் சட்டை மாற்றும்போது பார்த்தால் முதுகில் நாலைந்து சிவப்புப் புள்ளி. மதியத்துக்குள் அதில் இரண்டு நீர் கோத்து முத்து மாதிரி நின்றது. ஊரிலிருந்து மாமியார் வந்திருந்தார். பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அம்மா வந்திருக்கா. வியாதி பேரு வாயில வரக்கூடாது" என்றார். வாசலில் வேப்பிலை சொருகினோம். டெல்லியில் வேப்பிலைக்குப் பஞ்சமே இல்லை, ரோடு முழுக்க வேப்பமரம்தான்.

திங்கட்கிழமை ஸ்கூல் டைரியோடு அனுப்ப ஒரு தாளில் எழுதினேன்: "டீச்சருக்கு வணக்கம். பாப்பாவுக்கு அம்மா வந்திருக்கு. தண்ணி ஊத்துற வரைக்கும் அனுப்ப முடியாது. தயவுசெஞ்சு லீவு குடுங்க."

மாடி வீட்டுப் பையன் காலேஜ் படிக்கிறான். தமிழ்ப் பையன்தான், ஆனால் பிறந்து வளர்ந்தது இங்கே. அவனிடம் கொடுத்தேன். நல்ல பிள்ளை, ஒரு வார்த்தை விடாமல் மாற்றினான்: "டியர் டீச்சர், மதர் ஹேஸ் கம் ஃபார் பேபி. கேனாட் செண்ட் அன்டில் வாட்டர் இஸ் போர்டு. ப்ளீஸ் கிவ் லீவ்." பக்கத்து வீட்டுப் பையன் கையில் டைரியைக் கொடுத்தனுப்பினேன்.

இதை வாசிக்கிற டீச்சர் இடத்தில் நின்று பாருங்கள். மதர் வந்திருக்கிறாள் என்றால் யாரோ ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். பாட்டி வந்திருக்கிறாள் என்று என் மகளே முந்தின வாரம் வகுப்பில் சொல்லியிருக்கிறாள். எட்டு வயசுப் பிள்ளையை நாம் பாப்பா என்போம். இங்கிலீஷில் பேபி என்றால் கைக்குழந்தை. அப்படியென்றால் வீட்டில் குழந்தை பிறந்து, அதைப் பார்க்க விருந்தாள் வந்திருக்கிறது. தண்ணீர் விஷயம் அவருக்குப் புரிந்தே இருக்காது. நோய் என்பதற்கு அந்தத் தாளில் ஒரு சொல்கூட இல்லை.

மறுநாள் டைரி திரும்பி வந்தது. சிவப்பு மையில் இரண்டு வரி. வீட்டுக்கு விருந்தாள் வந்தது பரீட்சை நேரத்தில் லீவுக்குக் காரணம் ஆகாது, உடனே அனுப்புங்கள் என்று. எனக்குக் கை நடுங்கிவிட்டது. பிள்ளை உடம்பெல்லாம் கொப்புளமாகக் கிடக்கிறாள், இவர்கள் விருந்தாள் என்கிறார்களே என்று கோபம். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்காரர் டீச்சருக்குப் போன் போட்டு, தனக்குத் தெரிந்த இந்தியில் "சோட்டி மாதா" என்றார். அந்த அம்மா பதறிப்போய், "மாதா நிக்லீ ஹை? முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றாராம். இந்தியிலும் சின்னம்மைக்கு மாதா என்றுதான் பெயர். தமிழில் அம்மா, இந்தியில் மாதா, இரண்டு பக்கமும் ஒரே நம்பிக்கை. நடுவில் இங்கிலீஷ் வந்ததும் அது வெறும் மதர் ஆகிவிட்டது.

மாரியாத்தாவைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வந்துவிடாதீர்கள். நானும் வேப்பிலை வைத்தவள்தான், மூன்று தண்ணீரும் முறையாக ஊற்றினேன். வீட்டுக்குள் என்ன பெயர் வேண்டுமானாலும் சொல்லுங்கள். டீச்சருக்குப் போகிற தாளில் டாக்டர் சொல்கிற பெயர்தான் இருக்க வேண்டும். நம் ஊரில் எல்லாவற்றையும் அம்மை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். சின்னம்மை என்றால் சிக்கன்பாக்ஸ். தட்டம்மை, மணல்வாரி என்பது மீசில்ஸ். தாடைக்குக் கீழே வீங்குகிற பொன்னுக்கு வீங்கி, மம்ப்ஸ். மூன்றும் வேறு வேறு நோய், வீட்டில் இருக்க வேண்டிய நாளும் வேறு வேறு. அதனால் நீங்களாக ஒரு பெயரைப் போடாமல், டாக்டர் சீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள்.

பெயர் ஏன் முக்கியம் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து அதே வகுப்பில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்குப் போட்டது. கேட் வாசலில் ஒரு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு, மறைத்துவிட்டீர்களே என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். நான் மறைக்கவே இல்லை. எங்கள் டாக்டர் சொன்னது இது: சிக்கன்பாக்ஸ் புள்ளி வெளியே தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாடியே மற்றவர்களுக்குத் தொற்ற ஆரம்பித்துவிடும். தொற்றினவர்களுக்குப் பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் வெளியே தெரியும். என் மகள் வெள்ளிக்கிழமை வகுப்பில் உட்கார்ந்திருந்தபோதே அது போய்விட்டது. என் நோட் சரியாக இருந்திருந்தாலும் அந்த இரண்டு பிள்ளைகளுக்கு வராமல் போயிருக்காது. ஆனால் திங்கட்கிழமையே டீச்சருக்குத் தெரிந்திருந்தால் பக்கத்தில் உட்கார்கிற பிள்ளைகளின் வீட்டில் சொல்லியிருப்பார். அந்த வீட்டில் மாசமாக இருக்கிற பெண் இருந்தால் உடனே டாக்டரிடம் கேட்டிருப்பாள், அவர்களுக்கு இது பெரிய ஆபத்து. அந்தப் பழிதான் இன்னும் என் மனசில் இருக்கிறது.

அடுத்தது, "தண்ணி ஊத்துற வரைக்கும்". நமக்கு அது நாள் கணக்கு. ஸ்கூலுக்கு வேண்டியது கொப்புளக் கணக்கு. எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டி, புதுசாக ஒன்றும் வராமல் இருந்தால் அனுப்பலாம். பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு நாளில் அப்படி ஆகும். ஒற்றைப்படை நாள் பார்த்து முதல் தண்ணீர் ஊற்றும்போது சில பிள்ளைகளுக்குத் தலைமுடிக்குள் இன்னும் நீர்க் கொப்புளம் இருக்கும். முடியை விலக்கிப் பாருங்கள். ஊற்றியாச்சு என்று அனுப்பிவிடாதீர்கள்.

இன்னொரு தப்பும் நிறைய பேர் செய்கிறார்கள். நாம் ஸ்கூலில் மனப்பாடம் செய்த லீவு லெட்டர், "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று வருமே, அதை அப்படியே எழுதிக் கீழே தன் கையெழுத்தைப் போடுவது. அது பிள்ளை எழுதுகிற லெட்டர். நீங்கள் எழுதினால் உங்களுக்குக் காய்ச்சல் என்று ஆகிவிடும். "மை சன்" என்றோ "மை டாட்டர்" என்றோதான் தொடங்க வேண்டும். உங்கள் பையனுக்குச் சாதாரணக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் இன்னும் சுலபம். உடம்பு சரியில்லை என்பதற்கு "பாடி நாட் குட்" என்று எழுதாமல் "ஹேஸ் ஃபீவர்" என்று போடுங்கள். வயிற்றால் போகிறது என்பதற்கு "ஹேஸ் லூஸ் மோஷன்" போதும், டெல்லியில் எந்த டீச்சருக்கும் புரியும்.

இதெல்லாம் கூகுளில் கிடைக்காதா என்று கேட்பவர்களுக்கு: லெட்டர் கிடைக்கும். "அம்மா வந்திருக்கு" என்பதை எந்தச் சொல்லால் தேடுவது?

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு நான்தான் போகிறேன். வீட்டுக்காரர் வருஷத்தில் ஒரு தடவை வந்தால் அதிகம். அவர் வந்த அன்றைக்கு எல்லாப் பேச்சும் அவரைப் பார்த்துத்தான். பிள்ளை எந்தப் பாடத்தில் திணறுகிறாள் என்று அவரிடம் கேட்கிறார்கள், அவருக்கு எந்த செக்‌ஷன் என்றே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்கு எல்லாம் தெரியும். இங்கிலீஷில் தடுமாறுகிற அம்மாவுக்குப் பிள்ளையைப் பற்றியும் தெரியாது என்று யார் முடிவு செய்தது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெரியவளுக்குப் புள்ளி வந்த பதினைந்தாம் நாள் சின்னவனுக்கும் வந்தது. ஒரே வீட்டில், ஒரே பாயில் படுக்கிற பிள்ளைகள், தப்பாது என்று டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தார். அவனும் அதே ஸ்கூல், யூ.கே.ஜி. இந்தத் தடவை யாரிடமும் கொடுக்கவில்லை. டாக்டர் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே எழுதினேன். தமிழ் எழுத்தில் தருகிறேன், எழுத்துக்கூட்டல் மட்டும் யாரிடமாவது சரிபார்த்துக்கொள்ளுங்கள்:

"ரெஸ்பெக்டெட் மேம், மை சன், யூ.கே.ஜி. பி செக்‌ஷன், ஹேஸ் சிக்கன்பாக்ஸ். தி ஸ்பாட்ஸ் கேம் எஸ்டர்டே. தி டாக்டர் ஹேஸ் ஆஸ்க்ட் அஸ் டு கீப் ஹிம் அட் ஹோம் அன்டில் ஆல் தி ஸ்பாட்ஸ் ட்ரை. ஹி வில் கம் பேக் வித் எ டாக்டர்ஸ் சர்டிஃபிகேட். ப்ளீஸ் டெல் தி பேரண்ட்ஸ் ஆஃப் தி சில்ட்ரன் ஹூ சிட் நியர் ஹிம்."

முதல் வரியில் "மை சன்" என்பதற்குப் பிறகு பிள்ளையின் முழுப் பெயர். கீழே என் பெயர், "மதர்" என்று ஒரு சொல், என் போன் நம்பர், தேதி. சாதாரணக் காய்ச்சல் என்றால் ஸ்பாட்ஸ் என்று வருகிற இரண்டு வரியையும் கடைசி வரியையும் விட்டுவிட்டு, சிக்கன்பாக்ஸ் இருந்த இடத்தில் ஃபீவர் என்று போட்டு, எந்த நாளிலிருந்து என்று எழுதினால் போதும்.

டைரி மறுநாள் வந்தது. இந்தத் தடவை நீல மை: "நோட்டெட். டேக் கேர் ஆஃப் ஹிம்." அதற்குக் கீழே, வகுப்புப் பெற்றோருக்கெல்லாம் சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி. அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.