ஷாட் ஆன் டார்கெட் பந்தயம்: புக்கியிடம் எதைக் கேட்பது?

"ஹட்டனில் இருந்து எழுதுகிறேன். பிரீமியர் லீக் ஆட்டத்தில் ஒரு வீரருக்கு 2 ஷாட் ஆன் டார்கெட் என்று கட்டினேன். போன் ஆப்பில் 2 இருக்கிறது, புக்கி 1 என்று சொல்லி தோல்வி போட்டுவிட்டான். என்ன செய்யலாம்?"

முதலில் எழுத்தில் இதைக் கேளுங்கள்: எந்த நிறுவனத்தின் தரவை வைத்து, எத்தனை மணிக்கு முடிவு போட்டீர்கள்? விதிகளில் அது எங்கே இருக்கிறது? ஆப்பின் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்பினால், "அது எங்கள் மூலம் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

பெரும்பாலும் எண்ணும் முறைதான் காரணம். பல புக்கிகள் ஒப்டா என்ற விளையாட்டுத் தரவு நிறுவனத்தின் எண்ணிக்கையைப் பின்பற்றுகிறார்கள். அதில் கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து சேராது. கோலுக்குள் போகவிருந்த பந்தைக் கீப்பர் பிடித்தாலோ, கடைசி ஆளாக நின்ற தடுப்பாட்டக்காரர் மறித்தாலோ சேரும்.

ஹைலைட்ஸில் அந்த இரண்டாவது ஷாட்டைப் பாருங்கள். நேராகக் கம்பத்தில் பட்டுத் திரும்பியிருந்தால் விட்டுவிடுங்கள், புக்கி சொன்னதுதான் சரி. கோல் கோட்டருகே கடைசி ஆள் மறித்திருந்தால், நிமிடத்தைக் குறித்து, பந்தய எண்ணோடு அனுப்பி மறுபரிசீலனை கேளுங்கள். இது வலுவான வாதம்.

ஒன்று மட்டும்: முடிவு போட்ட பிறகு வரும் திருத்தங்கள் செல்லாது என்று விதியில் இருந்தால், தரவு பின்னர் மாறினாலும் பணம் கிடைப்பது கடினம். நேரத்தையும் கேட்கச் சொன்னது அதற்காகத்தான்.