முறைப்புக்குப் பின்னால் ஒரு க்ளோசப்

தமிழ்ப் படங்களில் பின்னாலேயே சுற்றினால் கடைசியில் பெண் சம்மதித்துவிடுகிறாள். பசங்க இதை நிஜமென்று நம்புவது ஏன்?

பெரும்பாலும் ஒரு ஷாட்தான் காரணம். நாயகி முறைத்துவிட்டுத் திரும்புவாள். உடனே க்ளோசப்பில் உதட்டோரம் ஒரு சிரிப்பு. நாயகனுக்குத் தெரியாது, நமக்கு மட்டும் காட்டுவார்கள். அவள் சொன்ன ‘வேண்டாம்’ அங்கேயே பொய்யாகிவிடுகிறது. அடுத்த பாட்டில் மாதங்கள் ஓடிவிடும். பல்லவியில் முறைத்தவள் கடைசிச் சரணத்தில் பைக்கில் ஏறியிருப்பாள். எது அவள் மனதை மாற்றியது என்பதற்கு ஒரு வசனம்கூட இருக்காது.

இதைப் பார்த்து வளரும் பையன் நிஜத்திலும் அந்த மறைந்த சிரிப்பைத் தேடுகிறான். அவள் வேறு வழியாகப் போவதையும், நம்பரை பிளாக் செய்வதையும் வெட்கம் என்று எடுத்துக்கொள்கிறான். அது பயம். விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் பின்தொடர்ந்து தொந்தரவு செய்வது இந்தியாவில் 2013 முதல் தனிக் குற்றம். முதல் முறைக்கே 3 ஆண்டுவரை சிறை உண்டு.