உள்கணுக்கால் வலியும் இறங்கும் பாதமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்கு 52 வயது, பள்ளி ஆசிரியை. எட்டு மாதமாக வலது கணுக்காலின் உள்பக்கம் வலிக்கிறது. யூரிக் அமிலம் சரியாக இருக்கிறது. இப்போது அந்தப் பாதம் மட்டும் தட்டையாகிவிட்டதாக மகள் சொல்கிறாள்.

பதில்: மகள் சொன்னதுதான் முக்கியமான தகவல். கெண்டைக்காலின் ஆழத்திலிருந்து ஒரு தசைநாண் இறங்கி, உள்கணுக்கால் எலும்பின் பின்னால் வளைந்து பாதத்தின் உள்பக்க எலும்பில் ஒட்டுகிறது. பாத வளைவைத் தூக்கிப் பிடிப்பது பெரும்பாலும் அதுதான். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு, அதிலும் உடல் எடையோ சர்க்கரையோ கூடியிருந்தால், அந்த வளைவிடத்தில் நாண் நைந்து நீண்டுபோகும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். சுவரில் விரல்களை லேசாக ஊன்றி, இடது காலைத் தூக்கிக்கொண்டு, வலக்காலில் மட்டும் நின்று குதிகாலை உயர்த்துங்கள். நல்ல காலில் குதிகால் எழும்போதே உள்பக்கம் திரும்பும். உங்களுக்கு அது திரும்பாமலோ, எழும்பாமலோ, கடுமையாக வலித்தோ நின்றுவிட்டால் சந்தேகம் வலுக்கிறது. பிறகு இரண்டு கால்களையும் ஊன்றி நின்று, மகளைப் பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். வலப்பக்கம் வெளியே தெரியும் விரல்கள் இடதைவிட அதிகமாக இருக்கும்.

எலும்பு மருத்துவரிடம் போகும்போது எக்ஸ்ரேயை நின்றபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். படுத்து எடுத்த படத்தில் இறங்கிய வளைவும் சரியாக இருப்பதுபோலத் தெரியும், ஏமாந்துவிடுவோம்.

கேள்வி: வலிக்கு அங்கேயே ஊசி போட்டுக்கொள்ளலாமா?

பதில்: ஸ்டீராய்டு ஊசியை இந்த நாணுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. நைந்த நாண் அறுந்துபோகும் அபாயம் உண்டு.

கேள்வி: அறுவை சிகிச்சை இல்லாமல் சரியாகுமா?

பதில்: பாதம் இன்னும் நெகிழ்வாக இருந்தால், அதாவது கையால் பிடித்துத் திருப்பினால் வளைவு திரும்ப வந்தால், பலருக்கு அது தேவைப்படாது. முதலில் ஓய்வு: வீக்கம் இருந்தால் சில வாரங்கள் நடைபூட்ஸோ கட்டோ. பிறகு உள்பக்கம் உயர்த்திய காலணித் தாங்கி. வீக்கம் அடங்கியபின் ரப்பர் பட்டையை எதிர்த்துப் பாதத்தை உள்நோக்கித் திருப்பும் பயிற்சி, மெதுவாக. எங்கள் வீடுகளில் தடுக்கும் விஷயம் வேறு: வெளியே போகும்போது மட்டும் தாங்கி, சமையலறையில் நாள் முழுக்க வெறுங்கால் டைல்ஸ். வீட்டுக்குள்ளும் தாங்கியுள்ள செருப்பு வேண்டும். தட்டையான ரப்பர் செருப்பு போதாது.

பாதம் விறைத்து, கையால் திருப்ப முடியாமல் போனால் கதை வேறு. அப்போது மூட்டுகளை ஒட்ட வைக்கும் அறுவை சிகிச்சை வரை போகக்கூடும். நெகிழ்வு இருக்கும்போதே செய்தால், பக்கத்து நாணை மாற்றி வைத்துக் குதி எலும்பை நகர்த்திப் பொருத்தலாம். மூட்டு அசைவு மிஞ்சும்.

கேள்வி: எனக்கு உள்பக்க வலி குறைந்து, வெளிப்பக்கம் வலிக்கிறது. குணமாகிறதுதானே?

பதில்: இல்லை. பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து, குதி எலும்பு கணுக்காலின் வெளி எலும்பில் இடிக்கத் தொடங்கியிருக்கலாம். இந்த வாரமே காட்டுங்கள்.