சம்பள உயர்வுக் கடிதத்தில் மூன்று எண்களும் ஒத்துப்போகவில்லையா?

கடிதத்தில் 12% உயர்வு, மாதச் சம்பளம் ரூ.56,000, ஆண்டு பேக்கேஜ் ரூ.7,80,000 என்று இருக்கிறது. இதுவரை மாதம் ரூ.50,000 வாங்கினேன். 56,000-ஐ 12 மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 6,72,000தான் வருகிறது. மீதி ரூ.1,08,000 எங்கே? (வாசகர், கோவை)

50,000-க்கு 12% சேர்த்தால் சரியாக 56,000. ஆக, அவர்கள் சதவீதம் போட்டது பிடித்தங்களுக்கு முந்தைய மாதச் சம்பளத்தின் மேல். பேக்கேஜ் எனப்படும் சிடிசி வேறு. கம்பெனி உங்களுக்காகச் செலவிடும் எல்லாத் தொகையும் அதில் அடங்கும்.

நீங்கள் அனுப்பிய அனெக்சரில் பேசிக் ரூ.28,000. கம்பெனி தரப்பு பிஎஃப் அதில் 12%, அதாவது மாதம் 3,360, ஆண்டுக்கு 40,320. கிராஜுவிட்டி ஆண்டுக்கு 15 நாள் பேசிக் சம்பளம். மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கிட்டால் 16,154. வேரியபிள் பே 45,000, குழுக் காப்பீட்டு பிரீமியம் 6,526. கூட்டினால் 1,08,000 வந்துவிடுகிறது. கடிதத்தில் பிழை இல்லை. ஆனால் இந்த ஒரு லட்சத்துச் சொச்சத்தில் இந்த ஆண்டே உங்கள் கைக்கு வரக்கூடியது வேரியபிள் மட்டும்தான், அதுவும் நிபந்தனைக்கு உட்பட்டது. வேறு வேலைக்குப் பேரம் பேசும்போது 7,80,000-ஐ உங்கள் சம்பளமாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

பேக்கேஜ் 6,00,000-லிருந்து 6,60,000 ஆகியிருக்கிறது, 10% சரிதான். மாதச் சம்பளம் மட்டும் 42,000-லிருந்து 44,000தான். இது 5% கூட இல்லையே? (வாசகி, ஓசூர்)

உங்கள் சந்தேகம் நியாயமானது. பேக்கேஜ் 60,000 ஏறியிருக்க, மாதச் சம்பளத்தின் வழியாக வருவது 24,000. மீதி 36,000 எங்கே போனது என்று பழைய அனெக்சரையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பேசிக் 15,000-லிருந்து 22,000 ஆகியிருக்கிறது. உங்கள் கம்பெனி முழு பேசிக்குக்கும் பிஎஃப் கட்டுவதால் அவர்கள் பங்கு ஆண்டுக்கு 10,080 கூடுகிறது, கிராஜுவிட்டி 4,038 கூடுகிறது. எஞ்சிய 21,882 ரூபாயை வேரியபிளில் சேர்த்திருக்கிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: உங்கள் பங்கு பிஎஃப் பிடித்தமும் மாதம் 840 கூடும். அதனால் வரிக்கு முன் கையில் கூடுதலாக வருவது 1,160 ரூபாய்தான். பிஎஃப் உங்கள் சேமிப்பு, அது வீண் போகாது. வேரியபிளைப் பற்றித்தான் கேட்க வேண்டும்: சென்ற ஆண்டு எத்தனை சதவீதம் கொடுத்தார்கள், எந்த மாதம் கொடுத்தார்கள் என்று.

15% உயர்வு என்கிறார்கள். என் சம்பளம் 40,000, எனவே 46,000 வர வேண்டும். கடிதத்தில் 44,850 இருக்கிறது. ஹெச்ஆரில் கேட்டால் ‘சிஸ்டம் கணக்கு’ என்கிறார்கள். (வாசகர், திருச்சி)

கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 44,850-ஐ 1.15 ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 39,000 வருகிறது. இப்படி முழு எண் வந்தால், ஏதோ ஒரு பழைய சம்பளத்தின் மேல்தான் சதவீதத்தைப் போட்டிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் நம்பலாம். சென்ற அக்டோபரில் உங்களுக்கு 1,000 ரூபாய் கூட்டினார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு முந்தைய சம்பளம்தான் இந்த 39,000. இடையில் வந்த உயர்வு அடிப்படைத் தொகையில் ஏறவே இல்லை. இப்போதைய 40,000-லிருந்து பார்த்தால் உங்களுக்குக் கிடைத்திருப்பது 12 சதவீதத்துக்குச் சற்று மேல். மாதம் 1,150 ரூபாய் குறைகிறது, ஆண்டுக்கு 13,800. செப்டம்பர், அக்டோபர் பே ஸ்லிப்புகளை இணைத்துக் கேளுங்கள். அக்டோபர் உயர்வை இந்த ஆண்டு உயர்வின் முன்பணமாகக் கொடுத்தோம் என்று அவர்கள் சொன்னால், அப்போது கொடுத்த கடிதத்தில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஏப்ரல் 1 முதல் அமல் என்று ஜூலையில் கடிதம் வந்தது. ஜூலைச் சம்பளம் கடிதத்தில் உள்ளதைவிட அதிகமாக வந்திருக்கிறது. (வாசகி, சென்னை)

ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாத அரியர்ஸ் அதில் சேர்ந்திருக்கும். மாத உயர்வை 3 ஆல் பெருக்கிச் சரிபாருங்கள். கடிதத்தோடு ஒப்பிட ஆகஸ்ட் பே ஸ்லிப்தான் சரி.

எண்கள் முரண்படும்போது கையெழுத்துப் போடலாமா? (வாசகர், மதுரை)

விளக்கம் வரும்வரை ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்ற இடத்தில் போடாதீர்கள். வாய்ப்பேச்சில் விடாமல் மின்னஞ்சலில் கேளுங்கள்: “கடிதம் கிடைத்தது, நன்றி. இதில் உள்ள உயர்வுச் சதவீதம் எந்தத் தொகையின் மேல் கணக்கிடப்பட்டது? மாதச் சம்பளத்துக்கும் ஆண்டுத் தொகைக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை இனவாரியாகத் தர வேண்டுகிறேன். எண்ணில் பிழை இருந்தால் திருத்திய கடிதம் தேவை.” விளக்கம் மட்டும் தேவைப்பட்டால் பதில் மின்னஞ்சலே போதும். எண்ணே தவறு என்றால் புதிய தேதியிட்ட கடிதத்தை வாங்கிவிடுங்கள். பழைய கடிதத்தில் பேனாவால் அடித்துத் திருத்தித் தந்தால், திருத்திய இடத்தில் கடிதத்தில் கையெழுத்திட்ட அதிகாரியின் கையொப்பம் இருக்க வேண்டும்.