மயில்கழுத்துப் புடவை போட்டோவில் நீலம், கையில் பச்சை: வாங்கியவருக்கு என்ன எழுதுவது?

"வாட்ஸ்அப்பில் பட்டுப்புடவை விற்கிறேன். மயில்கழுத்து நிறம் வாங்கிய ஒரு அக்கா, 'போட்டோவில் நீலமாக இருந்தது, வந்தது பச்சையாக இருக்கிறது' என்கிறார். அனுப்பியது அதே புடவைதான். என்ன பதில் சொல்வது?"

'மொபைல் ஸ்கிரீனில் நிறம் கொஞ்சம் மாறும்' என்று ஒற்றை வரியில் முடிக்காதீர்கள். எல்லாக் கடையும் சொல்வது அதுதான், யாரும் நம்புவதில்லை. மயில்கழுத்து விஷயத்தில் காரணம் தறியிலேயே இருக்கிறது. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் இன்னொரு நிறம், பெரும்பாலும் நீலமும் பச்சையும். நேராகப் பார்த்தால் ஒன்று தூக்கலாகத் தெரியும், மடிப்பு சாய்ந்தால் மற்றது. கையில் வைத்துத் திருப்பும்போது இரண்டும் தெரிகிறது, போட்டோவில் ஒரு கோணம்தான் விழுகிறது. போதாததற்கு, புடவையை ஃபிரேம் முழுக்க நெருக்கத்தில் எடுத்தால் ஃபோனின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அந்தப் பச்சையை வெளிச்சத்தின் சாயல் என்று எடுத்துக்கொண்டு குறைத்துவிடக்கூடும்.

முதலில் சோதித்துவிடுங்கள். ஜன்னல் ஓரத்தில், நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில், முந்தியை மெதுவாகச் சாய்த்து ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் இருக்கட்டும். தாள் வெள்ளையாகத் தெரிந்தால் வீடியோவின் நிறத்தை ஓரளவு நம்பலாம். ஏதோ ஒரு கோணத்தில் உங்கள் போட்டோவின் நீலம் வந்தால் பிரச்சினை படத்தில். எந்தக் கோணத்திலும் வரவில்லையா, வேறு புடவை மாறிப் போயிருக்கலாம், அப்போது காரணம் சொல்லாமல் உங்கள் செலவில் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

படம்தான் காரணம் என்றால் இப்படி எழுதலாம்:

"அக்கா, வீடியோ பார்த்தேன். இந்தப் புடவையில் பாவு நீலம், ஊடை பச்சை, அதனால் திருப்பத் திருப்ப நிறம் மாறும். நான் போட்ட படத்தில் நீலம் மட்டும்தான் தெரிந்தது, அதைப் பார்த்துத்தான் நீங்கள் வாங்கியிருக்கிறீர்கள். பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். நீலம்தான் வேண்டும் என்றால் ஒரே நிற நூலில் நெய்த புடவைகளைப் பகல் வெளிச்சத்தில் வீடியோ எடுத்து அனுப்புகிறேன், மாற்றிக்கொள்ளலாம். எதுவும் வேண்டாம் என்றால் முழுப் பணமும் திருப்பித் தருகிறேன். எதுவானாலும் கூரியர் செலவு என்னுடையது. முடிவு சொல்லும்வரை ஃபால்ஸ் தைக்காமல், பிளவுஸ் பிட் வெட்டாமல் வையுங்கள், வெட்டிவிட்டால் திரும்ப எடுப்பது எனக்குக் கஷ்டம்."

கூரியர் செலவை அவர் தலையில் கட்டாதீர்கள், ஒரு கோணத்தை மட்டும் காட்டியது உங்கள் படம்தானே. பாதிப் பணம் குறைத்துத் தருகிறேன் என்று நீங்களாக ஆரம்பிக்கவும் வேண்டாம், புடவையில் ஏதோ குறை இருப்பதாகவே அவருக்குத் தோன்றும்.

அப்புறம், அந்த விளம்பரத்தில் இருக்கும் படத்தை இன்றே மாற்றுங்கள். நேராக ஒன்று, மடிப்போடு ஒன்று, கூடவே 'நீலப் பாவு, பச்சை ஊடை' என்று ஒரு வரி.